இரண்டு வாரத்தில் போகாத படர்தாமரை

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை படர்தாமரை பெரிய கவலையாக இருந்ததில்லை. தொடை இடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாக ஒரு படை வரும், அரிக்கும். மருத்துவர் டெர்பினாஃபின் மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் இரண்டு வாரம் எழுதித் தருவார், கூடவே ஒரு களிம்பும் கொடுப்பார். பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடும். இன்றைக்கு அதே மாத்திரையை ஒரு மாதம், இரண்டு மாதம் விழுங்கிவிட்டு, இடுப்பிலிருந்து பின்புறத்துக்கும் முதுகுக்கும் முகத்துக்கும் படை ஏறிய நிலையில் வருகிறவர்களை எந்த ஊர் தோல் மருத்துவரிடம் போனாலும் பார்க்கலாம். பலருடைய வீட்டில் கணவனுக்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ அதே படை இருக்கிறது. "நாங்க சுத்தமாத்தான் இருக்கோம் டாக்டர்" என்று அவர்கள் கூச்சத்தோடு சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மாறியிருப்பது பூஞ்சை.

இந்தப் பூஞ்சைக்கு 2020இல் தனிப் பெயர் வைத்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்தவர்களின் தோலிலிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, அதைத் தனி இனமாகப் பிரித்து, டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்திய மருத்துவர்கள் கண்முன்னே அது பரவிக்கொண்டிருந்தது. இப்போது ஐரோப்பாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தங்கள் நாட்டில் முதன்முதலாகக் கண்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. இருவரும் நியூயார்க் நகரப் பெண்கள். ஒருவருக்கு வங்கதேசத்தில் இருந்தபோது படை தொடங்கியிருந்தது, அவருடைய கணவருக்கும் மகனுக்கும் அதேபோல இருந்தது. இன்னொருவர் வெளிநாடு எங்குமே போகாதவர். அவருக்கு டெர்பினாஃபின் மாத்திரை சிறிதும் கேட்கவில்லை; பிறகு நான்கு வாரம் இட்ராகொனசோல் சாப்பிட்டபின் தோல் சரியானது.

டெர்பினாஃபின் ஏன் கேட்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், அதே மாத்திரையை மறுபடி மறுபடி வாங்கி விழுங்குவது எவ்வளவு வீண் என்பது புரிந்துவிடும். பூஞ்சை தன் செல்லின் வெளிச்சவ்வைக் கட்ட எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பு படிப்படியாக நடக்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. ஆரம்பப் படிகளில் ஒன்றைச் செய்யும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மேல் டெர்பினாஃபின் போய் ஒட்டிக்கொள்ளும். நொதி முடங்கும், சவ்வு கட்ட முடியாமல் பூஞ்சை சாகும். புதிய பூஞ்சையில் அந்த நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் நொதியின் சங்கிலியில் 397ஆம் இடத்திலோ 393ஆம் இடத்திலோ இருக்க வேண்டிய அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. நொதி தன் வேலையைச் செய்கிறது, ஆனால் மருந்து அதில் ஒட்டுவதில்லை. மாற்றம் இலேசாக இருந்தால் இரண்டு மடங்கு டோஸ் ஓரளவு வேலை செய்யலாம். 397இல் மாறிய பூஞ்சைக்குப் பெரும்பாலும் அதுவும் போதாது. டெர்பினாஃபின் களிம்புக்கும் இதே கதிதான், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதானே.

இட்ராகொனசோல் அந்தத் தயாரிப்பில் பின்னால் வரும் வேறொரு நொதியைத் தடுக்கிறது. அங்கே இந்த மாற்றம் இல்லை. அதனால்தான் டெர்பினாஃபின் தோற்ற இடத்தில் மருத்துவர்கள் இட்ராகொனசோலுக்குப் போகிறார்கள். அதற்கும் அசையாத பூஞ்சைகள் ஆங்காங்கே தென்படத் தொடங்கியிருப்பதால், இருக்கிற மருந்தைச் சரியாகப் பயன்படுத்துவது இன்னும் அவசரமாகிறது.

நம் ஊரில் இந்தப் பூஞ்சை இவ்வளவு பரவியதற்குக் கலவைக் களிம்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டால் பல ஆண்டுகளாகக் கைக்கு வந்தது, குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டோடு ஒரு பூஞ்சை மருந்தையும் ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் குழைத்த டியூப். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு வெளுக்கும். குணமாகிவிட்டது என்று நம்பி நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்னைவிட அகலமாகத் திரும்பும். ஸ்டீராய்டு அடக்கியது பூஞ்சையை அல்ல, பூஞ்சையை எதிர்க்கும் உடலின் சண்டையை. எதிர்ப்பு இல்லாத தோலில் பூஞ்சை தாராளமாகப் படரும், கூடவே இருந்த பூஞ்சை மருந்துக்கும் பழகிக்கொள்ளும். படையின் வடிவமும் கலைந்துபோய், வட்டத்துக்குள் வட்டமாகவோ விளிம்பே தெரியாத சிவந்த திட்டாகவோ நின்றுவிடும். பார்க்கும் மருத்துவரே குழம்பலாம். இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் தொடர்ந்த முயற்சிக்குப் பிறகு 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் அது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான்.

இனி ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். இது நான் இட்டுக்கட்டிய குடும்பம். ஆனால் இவர்களுக்கு நடக்கும் ஒவ்வொன்றும் தோல் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பதுதான். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு வயது 40. நாள் முழுக்க வெக்கையிலும் ஈரத்திலும் நிற்கிறார், இடுப்பில் அரைஞாண் கயிறு. அம்மாவுக்கு 35 வயது. எட்டு வயதில் மகன், எடை 20 கிலோ. பாட்டிக்கு 66 வயது, இருதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொண்டதற்கு இரண்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறார். இரண்டு அறை வீடு, கொடியில் இரண்டு துண்டுகள், நான்கு பேர்.

படை முதலில் அப்பாவின் தொடை இடுக்கில் தொடங்கியது. கடையில் வாங்கிய களிம்பு மூன்று மாதம். பிறகு டெர்பினாஃபின் ஒரு மாதம். இப்போது இடுப்பைச் சுற்றி, பின்புறம் முழுக்க, இரண்டு தொடையின் உட்புறம் என்று பரவியிருக்கிறது. அம்மாவுக்குப் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஆறு மாதமாக இருக்கிறது, அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகனுக்குக் கன்னத்தில் ஒரு சிறு வட்டம். பாட்டிக்கு மார்பின் அடியில் மடிப்பில்.

அப்பா மட்டும் மருத்துவரிடம் போய் அவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் இந்த வீட்டில் நோய் போகாது. இந்தப் பூஞ்சை மனிதரிடமிருந்து மனிதருக்கே தாவுகிறது. பூனைக்குட்டியிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டும் படர்தாமரை வேறு வகை. உதிரும் தோல் செதில்களில் பூஞ்சை வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரே துண்டு, ஒரே பாய், ஒரே வாளியில் ஊறும் துணிகள் வழியாக அது சுற்றிவரும். அதனால் முதல் வேலை, வீட்டில் எல்லோரையும் ஒரே வாரத்தில் மருத்துவரிடம் காட்டுவது. "யாருக்காவது இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். துணி மறைக்கும் இடத்தில் இருப்பதை, அதிலும் பெண்கள், கேட்டாலும் சொல்வதில்லை. பெண் மருத்துவரோ செவிலியரோ கூட இருந்து பார்த்தால்தான் தெரியவரும். படையின் விளிம்பைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. பூஞ்சைதானா என்பது அதில் தெரிந்துவிடும். மருந்துக்கு மசியாத இனமா என்பதைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை சில பெரிய ஆய்வகங்களில்தான் உண்டு. நம் நாட்டில் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சரியாகச் சாப்பிட்ட டெர்பினாஃபின் ஒரு மாதத்தில் அசைக்கவில்லை என்றால் மருத்துவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

களிம்பு மட்டும் தடவிக் குணப்படுத்த முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பாவின் உடம்பை வைத்தே கணக்குப் போடலாம். சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். படையையும் அதன் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலத்தையும் சேர்த்தால் அப்பாவுக்கு எட்டு உள்ளங்கை அளவு வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 2 கிராம், இரண்டு வேளைக்கு 4 கிராம். 10 கிராம் டியூப் மூன்றாம் நாள் காலியாகிவிடும். ஒரு டியூபை ஒரு மாதம் ஓட்டுகிறவர் களிம்பைத் தடவவில்லை, தொட்டுக்கொண்டிருக்கிறார். அதோடு, இந்தப் பூஞ்சை தோலில் உள்ள மெல்லிய பூனைமுடிகளின் வேர் வரை இறங்கிவிடும். அங்கே களிம்பு எட்டாது. எனவே அப்பாவுக்கு மாத்திரை தேவை. மகனின் கன்னத்தில் இருக்கும் ஒற்றை வட்டத்துக்கு டெர்பினாஃபின் அல்லாத, ஸ்டீராய்டு கலக்காத களிம்பு, உதாரணமாக லுலிகொனசோல், முதலில் போதுமானதாக இருக்கலாம். அதைத் தோல் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அப்படியும் பரவினால், குழந்தைக்கான மாத்திரை அளவை எடையை வைத்து மருத்துவர் கணக்கிடுவார். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கொண்டால் இவனுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம்.

அப்பாவுக்கு மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் இட்ராகொனசோல் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். காலையில் 100, இரவில் 100, அல்லது ஒரே வேளையாக 200. இதைவிட அதிகமாகக் கொடுத்தால் சீக்கிரம் தீராதா? டெல்லியில் நடத்தி 2022இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, 100, 200, 400 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். 400 சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக ஐந்து வாரத்தில் தோல் சுத்தமானது, மற்ற இரு குழுவுக்கும் ஏழு வாரத்துக்கு மேல் ஆனது. ஆனால் குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில வாரங்களுக்குள் படை திரும்ப வந்தது. அதிக டோஸ் சாப்பிட்டவர்கள் அதிலிருந்து தப்பவில்லை. இரண்டு வாரம் முன்கூட்டி முடிப்பதற்காக மாத்திரைச் செலவையும் ஈரலுக்கு வரக்கூடிய ஆபத்தையும் கூட்டிக்கொள்வது என் பார்வையில் சாதாரண நோயாளிக்கு ஏற்ற பேரம் அல்ல. தானாக டோஸைக் கூட்டிக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

அளவைவிடப் பெரிய சிக்கல், விழுங்கிய மருந்து உடம்பில் சேர்வதில்தான் இருக்கிறது. வழக்கமான இட்ராகொனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் அதை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் போதாது. எண்ணெயும் குழம்பும் உள்ள முழுச் சாப்பாட்டோடு சேரும்போதுதான் அது நன்றாக உறிஞ்சப்படுகிறது. நம் ஊர் வழக்கம் இங்கேதான் காலை வாருகிறது. எந்த மாத்திரை சாப்பிட்டாலும் "வயித்துக்கு" என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போடுவது நமக்குப் பழகிவிட்டது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைத்தான் அடக்குகின்றன. அமிலம் அடங்கிய வயிற்றில் கேப்சூல் சரியாகக் கரையாது. இரண்டு மாதம் ஒழுங்காக இட்ராகொனசோல் சாப்பிட்டும் பலனில்லை என்று வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான். கேஸ் மாத்திரையை விடவே முடியாத நோயாளிக்கு, அமிலத்தை அவ்வளவாகச் சார்ந்திராத சூபா இட்ராகொனசோல் என்ற வகை கிடைக்கிறது. அதன் எண் கணக்கு வேறு: 65 மில்லிகிராம் சூபா, வழக்கமான 100க்கு ஏறக்குறைய சமம். அட்டையில் 65 என்று பார்த்துவிட்டு மருந்து குறைவாக இருக்கிறது என்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஜெலூசில் போன்ற அமில முறிப்பு டானிக் குடிப்பவர்கள் கேப்சூல் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கடைக்காரர் ஒரு மாதம் ஒரு கம்பெனியும் மறுமாதம் இன்னொன்றும் தந்தால், மாற்றியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளின் தரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை.

பாட்டிக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. இட்ராகொனசோல் இருதயத்தின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே இருதயம் பலவீனமானவருக்கு அது மூச்சுத்திணறலிலும் கால்வீக்கத்திலும் கொண்டுபோய் விடலாம். மகனுக்கு வாங்கியதிலோ மருமகளுக்கு மிஞ்சியதிலோ இரண்டை எடுத்துப் பாட்டிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பினால் நடக்கும் காரியம். இந்த மாத்திரையில் அது உயிருக்கு ஆபத்து. வேறு மருந்துகளோடும் இட்ராகொனசோல் மோதும். ஈரலில் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதியை இது தடுத்துவிடுவதால், அந்த மருந்துகள் உடம்பில் தேங்கிவிடும். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டின் தேங்கினால் தசை சிதையும். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன் தேங்கினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பியூடசோனைடுகூடத் தேங்கி, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரைப் போல முகத்தை வீங்க வைக்கும். அதனால் வீட்டில் சாப்பிடும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது, மருந்துப் பெயர்களை நினைவிலிருந்து சொல்வதைவிடப் பாதுகாப்பானது. பாட்டிக்கு மடிப்பில் இருக்கும் சிறு படைக்குக் களிம்பையும், மடிப்பை உலர்வாக வைப்பதையும் கொண்டே மருத்துவர் முதலில் முயல்வார்.

அம்மாவிடம் மருத்துவர் இன்னொன்றைக் கேட்பார். கர்ப்பமாக இருந்தால் இட்ராகொனசோல் கிடையாது. சாப்பிடும் காலத்திலும், நிறுத்தியபின் இரண்டு மாதமும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தொடங்கும்போது ஈரல் பரிசோதனை, ஒரு மாதத்துக்கு மேல் போனால் மாதம் ஒரு முறை. பசி போய்விட்டாலோ, வாந்தி வந்தாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகவோ கண் மஞ்சளாகவோ போனாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? இதற்குப் பதில் சொல்ல வாரணாசியில் 200 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு உதவும். நான்கு மருந்துகளை எட்டு வாரம் கொடுத்து ஒப்பிட்டார்கள். எட்டு வார முடிவில் குணமானவர்கள் இட்ராகொனசோலில் 66 சதவீதம், ஃபுளுகொனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபல்வினில் 14. எல்லோர் கண்ணும் முதலில் 66இல் போய் நிற்கும். நான் வாசகர்களைப் பார்க்கச் சொல்வது அதே ஆய்வின் நான்காம் வாரத்தை. அப்போது எந்த மருந்திலும் முழுமையாகக் குணமானவர்கள் 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. மிகச் சிறந்த மருந்து சாப்பிட்டவர்களிலும் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒரு மாத முடிவில் இன்னும் நோயோடுதான் இருந்தார்கள். "ஒரு மாசம் சாப்பிட்டேன், போகலை, மருந்து சரியில்லை" என்று நிறுத்திவிட்டு அடுத்த மருத்துவரிடம் போகிறவர்கள், வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நடுவழியில் கைவிடுகிறார்கள். எட்டாம் வாரத்திலும் மூன்றில் ஒருவருக்கு முழுதாகப் போகவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. அவர்களுக்கு இன்னும் சில வாரங்கள் தேவைப்படும்.

நம் குடும்பத்து அப்பாவுக்கு வாரங்கள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். முதல் பத்து நாள் மிகவும் கஷ்டமானது. மூன்று மாதம் தடவிய ஸ்டீராய்டை நிறுத்தியதும் சிவப்பும் அரிப்பும் கூடும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும், பழைய டியூபைத் தேடிக் கை போகும். மருத்துவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அரிப்புக்குத் தனி மாத்திரையும் கொடுத்திருந்தால் அவர் தாண்டிவிடுவார். இரண்டு, மூன்று வாரத்தில் இரவுத் தூக்கம் திரும்பும், அரிப்பு வெகுவாகக் குறையும். ஆபத்தான கட்டம் உண்மையில் இதுதான், ஏனென்றால் அரிப்பு போனதும் மாத்திரை மறந்துபோகும். ஐந்து, ஆறு வாரத்தில் விளிம்பு தட்டையாகிச் செதில் உதிர்வது நிற்கத் தொடங்கும். ஏழிலிருந்து பத்து வாரத்துக்குள் எல்லா இடமும் சுத்தமாகலாம்.

சுத்தமாவது என்றால் என்ன என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். படர்தாமரை காய்ந்த புல்லில் வைத்த தீயைப் போல நடுவில் அணைந்து ஓரத்தில் எரிந்துகொண்டே நகரும். எனவே ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டுகிறதா, நகத்தால் சுரண்டினால் தவிடு போலச் செதில் வருகிறதா, அரிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பூஞ்சை உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் இல்லாமல் கறுப்பு மட்டும் இருந்தால் அது நோய் போன தடம். நம் நிறத் தோலில் அந்தக் கறுப்பு மங்க ஆறு மாதம்கூட ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். கறுப்புக்காக மாத்திரையைத் தொடர்வது வீண். அதை வெளுக்க வைக்க மறுபடி ஸ்டீராய்டுக் களிம்பைத் தடவினால் உறங்கும் பூஞ்சையை நாமே எழுப்பிவிடுவோம். முடிவு செய்ய முடியாதபோது விளிம்பைச் சுரண்டி மறுபடி ஒரு முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். உடம்பின் பல இடங்களில் படை இருந்தவருக்குக் கடைசி இடமும் சுத்தமாகும் வரை மாத்திரை தொடரும். பெரும்பாலும் கடைசியாகப் போவது பின்புறமும் தொடை இடுக்கும். தானாகப் பார்க்க முடியாத இடங்கள் என்பதால் அங்கே விட்டுப்போவது சகஜம்.

இந்த வாரங்களில் வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு சோப்பு. உள்ளாடை, லுங்கி, பாவாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை மற்றவர்களுடையதோடு ஒரே வாளியில் ஊறவைக்காமல், கை வைக்க முடியாத சூட்டில், அதாவது 60 டிகிரி அளவில் உள்ள வெந்நீரில் தனியாக ஊறவைத்துத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போட வேண்டும். தையல் மடிப்புகளில் இஸ்திரி போடுவது நல்லது. இறுக்கமான ஜீன்ஸ் கொஞ்ச நாள் பெட்டியில் கிடக்கட்டும். அப்பா வேலையிலிருந்து வந்ததும் நனைந்த உடையை மாற்றிக் குளித்து, தொடை இடுக்கைத் துடைத்து உலர்த்திய பிறகே வேறு உடுப்பு போட வேண்டும். ஈரமும் செதிலும் தேங்கும் அரைஞாண் கயிற்றை மட்டும் பலர் கழற்ற மறுக்கிறார்கள். நம்பிக்கையை யாரும் விடச் சொல்லவில்லை. பழையதை எறிந்துவிட்டு, சிகிச்சை முடிந்தபின் புதியதைக் கட்டிக்கொள்ளலாம், அல்லது துடைத்தால் உலர்ந்துவிடும் வெள்ளிக்கு மாறலாம். டெட்டால் ஊற்றிக் குளிப்பதும், எலுமிச்சையும் பூண்டும் அரைத்துத் தேய்ப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

தோல் சுத்தமாகி மாத்திரையை நிறுத்திய பிறகும் இட்ராகொனசோல் தோலில் சில வாரம் தங்கியிருக்கும். அது மெல்ல வடிந்த பின்புதான் உண்மை நிலவரம் தெரியும். அதனால் நிறுத்திய நான்காம் வாரம் ஒரு முறை, எட்டாம் வாரம் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பாதிப் பேருக்குத் திரும்பும் என்று ஆய்வு சொல்லும் காலம் அதுதான். திரும்பினால் உள்ளங்கை அளவிலேயே பிடித்துவிட்டால் மீண்டும் பத்து வாரம் போராட வேண்டியிருக்காது.

திரும்பிய படையைக் கண்டதும் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மருத்துவர் வரிசையாகச் சிலவற்றை விசாரிப்பார்: கேப்சூலைச் சாப்பாட்டோடு சாப்பிட்டீர்களா, கேஸ் மாத்திரை உள்ளே போனதா, நாட்கள் விட்டுப்போயினவா, முழுதாகச் சுத்தமாகும் முன்பே நிறுத்தினீர்களா, எங்காவது ஸ்டீராய்டு களிம்பு மறுபடி நுழைந்ததா? இத்தனைக்கும் பதில் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டில் இன்னும் பரிசோதிக்காமல் இருக்கும் ஆளை. பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போய்வந்த பையன், விடுதியில் தங்கிப் படித்துவிட்டு லீவுக்கு வந்த அக்கா. இப்படியெல்லாம் தேடியும் காரணம் இல்லை, சரியாகச் சாப்பிட்ட இட்ராகொனசோலிலும் ஆறு வாரத்தில் விளிம்பு அசையவே இல்லை என்றால்தான், சுரண்டிய செதிலைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கச் சொல்வார்கள். வோரிகொனசோல் போன்ற விலை கூடிய, பக்கவிளைவு கூடிய மருந்துகள் அந்தச் சிலருக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பவை.

அம்மாவுக்கு, எல்லாம் நல்லபடி நடந்தால், ஆறு வாரத்தில் போய்விடும். மகனின் கன்னத்து வட்டம் அதற்கு முன்பே. அப்பாவுக்குப் பத்தாம் வாரம். பாட்டிக்குக் களிம்பில் மெதுவாக, ஒருவேளை மூன்று மாதம். நால்வரில் ஒருவருக்காவது மழைக்காலத்தில் ஒரு சிறு வட்டம் திரும்ப வரக்கூடும். அன்று மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல், பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் அந்த வாரமே போக வேண்டும்.